எவர்சில்வர் தூக்குக்குள் ஒன்றுமில்லை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேலத்தில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு மாலையில் இயற்பியல் சொல்லித் தருகிறேன். ஒவ்வொரு வருடமும் நிலைமின்னியல் பாடத்தில் ஒரு எவர்சில்வர் தூக்கை தெர்மாகோல் பலகை மேல் வைத்து, கம்பளியில் தேய்த்த பிவிசி குழாயால் திரும்பத் திரும்பத் தொட்டு மின்னூட்டம் ஏற்றுவேன். நைலான் நூலில் கட்டிய தெர்மாகோல் மணியைத் தூக்கின் வெளிப்பக்கம் கொண்டுபோனால் பாய்ந்து ஒட்டுகிறது. அதையே உள்ளே ஆழமாக இறக்கினால் சும்மா தொங்குகிறது. மின்விசை தூரத்தின் 2ஆம் அடுக்குக்கு எதிர்விகிதமாகக் குறையும் என்பதுதான் கூலும் விதி. "கூலும் விதியில் அந்த 2 சரியாக 2தான் என்று சொல்லும் சாட்சி இதுதான்" என்று நான் சொன்னதும் சந்தேகங்கள் வரிசைகட்டும். வருடாவருடம் அதே சந்தேகங்கள்தான். பிள்ளைகள் கேட்ட வார்த்தையிலேயே எழுதி வைத்திருக்கிறேன்.

சார், உள்ளே ஒண்ணும் இல்லைங்கிறதுக்கும் தூரத்தோட வர்க்கத்துக்கும் என்ன சம்பந்தம்?

மின்னூட்டம் சீராகப் பரவிய ஒரு உலோக உருண்டை, உள்ளே வெற்றிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே நடுவில் இல்லாமல் ஒரு பக்கமாக ஒதுங்கி ஒரு புள்ளியில் நிற்கிறீர்கள். அங்கிருந்து எதிரெதிர்த் திசையில் இரண்டு மெல்லிய கூம்புகளை வரையுங்கள். ஒன்று அருகில் உள்ள சுவரில் ஒரு சின்ன வட்டத்தை வெட்டும். மற்றது தூரத்துச் சுவரில் பெரிய வட்டத்தை வெட்டும். தூரத்துச் சுவர் மூன்று மடங்கு தள்ளி இருந்தால் அந்த வட்டத்தின் பரப்பு ஒன்பது மடங்கு. மின்னூட்டமும் ஒன்பது மடங்கு. (சுவர் சாய்வாக இருக்குமே என்றால், உருண்டையில் ஒரு நாணின் இரு முனைகளிலும் சாய்வு ஒரே அளவுதான். அது இரண்டு பக்கமும் அடிபட்டுப் போகும்.)

மூன்று மடங்கு தூரத்தில் இருந்து வரும் விசை, விதி சரியாக 2 என்றால், ஒன்பதில் ஒரு பங்காகக் குறையும். ஒன்பது மடங்கு மின்னூட்டம், ஒன்பதில் ஒரு பங்கு விசை. இரண்டு சுவர்களும் சமமாகத் தள்ளுகின்றன. எந்தத் திசையில் கூம்பு போட்டாலும் இதே கதை, அதனால் மொத்தம் பூஜ்யம். பரப்பு தூரத்தின் இருமடியாக வளர்வது வடிவியல், அதை யாராலும் மாற்ற முடியாது. விசை அதே இருமடியில் குறைந்தால்தான் இரண்டும் ஈடுகட்டும்.

2 இல்லாம 2.1னு இருந்தா என்ன ஆகும்?

மேலே சொன்ன அதே கூம்புகளை எடுத்துக்கொள்வோம். அருகில் உள்ள சுவர் 10 செ.மீ., தூரத்துச் சுவர் 30 செ.மீ. அருகில் உள்ள துண்டின் தள்ளலை 1 என்று வைத்தால், தூரத்துத் துண்டின் தள்ளல் 9 ÷ 3^2.1. 3^2.1 சுமார் 10.04, ஆகவே விடை 0.90. அருகில் உள்ள சுவர் ஜெயிக்கிறது. அடுக்கு 1.9 ஆக இருந்தால் 9 ÷ 8.06 = 1.12, தூரத்துச் சுவர் ஜெயிக்கும்.

இது ஒரு ஜோடிக் கூம்புக்கு மட்டுமல்ல. நீங்கள் நிற்கும் புள்ளி வழியாக ஆரத்துக்குச் செங்குத்தாக ஒரு தளம் வெட்டினால், ஒவ்வொரு ஜோடியிலும் குட்டை முனை ஒரே பக்கத்தில்தான் விழும். ஆகவே எல்லா மிச்சங்களும் ஒரே பக்கமாகச் சேரும். அடுக்கு 2ஐவிடக் கூடினால் உள்ளே இருக்கும் அதே வகை மின்னூட்டம் மையத்தை நோக்கித் தள்ளப்படும், குறைந்தால் சுவரை நோக்கி. உள்ளே ஏதாவது தென்பட்டால், அடுக்கு எந்தப் பக்கம் பிசகியது என்பதையும் அதுவே சொல்லிவிடும்.

கடத்தின்னாலே உள்ளே புலம் இருக்காதே. எலக்ட்ரான் ஓடி சரி பண்ணிடும்ல? இதுல விதி எங்க வந்துச்சு?

இந்தக் கேள்வியை யாராவது கேட்டால் அன்றைக்கு எனக்குச் சந்தோஷம். பாடப்புத்தகத்தில் இரண்டு வேறு விஷயங்கள் ஒரே வரியில் கலந்துவிடுகின்றன. உலோகத்தின் சதைக்குள் புலம் பூஜ்யம் என்பது ஒன்று. புலம் இருந்தால் எலக்ட்ரான்கள் நகர்ந்துகொண்டே இருக்கும், நகர்வு நின்ற பிறகு புலம் இல்லை. இதற்கு அடுக்கு 2 தேவையில்லை, எந்த விதியானாலும் நடக்கும்.

குடைந்த வெற்றிடத்துக்குள் புலம் பூஜ்யம் என்பது இன்னொன்று. அங்கே ஓடிச் சரிசெய்ய எலக்ட்ரானே கிடையாது. மெல்லிய உருண்டை ஓட்டில் மின்னூட்டம் சமச்சீரால் சீராகத்தான் பரவ முடியும். அப்படிப் பரவிய பிறகு உள்வெளியில் என்ன புலம் இருக்கும் என்பதை முழுக்க முழுக்க விசை விதிதான் தீர்மானிக்கிறது. 2.1 ஆக இருந்தால் கடத்தியின் உள்வெளியில் புலம் இருக்கும், எலக்ட்ரான்கள் அதைத் தடுக்க மாட்டா. சோதனையின் உயிர் இங்கேதான் இருக்கிறது.

அப்ப நடு மையத்துல ஒரு மணியைத் தொங்கவிட்டுப் பார்த்தா போதுமே?

போதாது. மையத்தில் எல்லாச் சுவரும் ஒரே தூரம். அடுக்கு 1 ஆனாலும் 5 ஆனாலும் அங்கே விசை பூஜ்யம்தான். மையத்தை விட்டு விலகிப் பார்க்க வேண்டும், அல்லது உள்ளே வேறொரு இடத்துக்கும் சுவருக்கும் இடையே மின்னழுத்த வேறுபாடு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

இவ்வளவு சுத்தி வளைக்கணுமா? ரெண்டு உருண்டையை வச்சு தூரத்தை மாத்தி மாத்தி அளந்துட்டா என்ன?

கூலும் 1785ல் முறுக்குத் தராசால் அப்படித்தான் செய்தார். அதில் விசையை அளக்க வேண்டும், தூரத்தை அளக்க வேண்டும், அளக்கும் நேரத்தில் மின்னூட்டம் கசியாமலும் இருக்க வேண்டும். ஒவ்வொன்றிலும் நூற்றுக்கு ஒன்றிரண்டு பிழை வந்தாலே அடுக்கிலும் அதே அளவுக்குப் பிழை வந்துவிடும். நூறு ரூபாய் நோட்டை எடை போட்டு அது நூறுதான் என்று சொல்வதுபோல.

வெற்றிடச் சோதனையில் நீங்கள் பெரிய எண் எதையும் துல்லியமாக அளக்க வேண்டியதில்லை. எதிர்பார்ப்பது பூஜ்யம். வெளியே மூவாயிரம் வோல்ட், உள்ளே ஒரு மைக்ரோவோல்ட்டாவது தெரிகிறதா என்று தேடுகிறீர்கள். அந்த மூவாயிரம் இரண்டாயிரத்துத் தொள்ளாயிரமாக இருந்தாலும் முடிவு பெரிதாக மாறாது.

இதை முதல்ல யார் கண்டுபிடிச்சது?

தூக்குச் சோதனையின் மூதாதை பெஞ்சமின் பிராங்க்ளின். மின்னூட்டிய வெள்ளிக் குவளைக்குள் பட்டு நூலில் தக்கை உருண்டையை இறக்கினார். வெளியே இழுபட்ட தக்கை உள்ளே இழுபடவில்லை. ஏன் என்று அவருக்கே விளங்கவில்லை, நண்பர் ஜோசப் பிரீஸ்ட்லியிடம் சொன்னார். பிரீஸ்ட்லி, உள்ளீடற்ற கோள ஓட்டுக்குள் ஈர்ப்பு இல்லை என்று நியூட்டன் காட்டியதை நினைவில் வைத்து, மின்விசையும் அதே இருமடி விதியில்தான் போகவேண்டும் என்று 1767ல் எழுதினார். கூலுமுக்குப் பதினெட்டு வருடம் முன்பே. (வெள்ளிக் குவளை என்றதும் செவ்வாய்ப்பேட்டைப் பையன் ஒருவன், "கொலுசுப் பட்டறை வெள்ளி ஆகுமா சார்?" என்றான். எந்த உலோகமும் ஆகும்.)

ஆனால் அதை அளவாக மாற்றியவர் ஹென்றி காவெண்டிஷ், 1773ல்.

காவெண்டிஷ் என்ன செஞ்சாரு?

12.1 அங்குல விட்டமுள்ள ஒரு கோளம். அதைச் சுற்றி, தொடாமல், 13.3 அங்குல விட்டத்துக்கு இரண்டு அரைக்கோளங்கள். உள் கோளத்தையும் வெளி ஓட்டையும் ஒரு கம்பியால் இணைத்துவிட்டு, வெளி ஓட்டுக்கு மின்னூட்டம் ஏற்றினார். பிறகு பட்டு நூலை இழுத்து அந்தக் கம்பியை அகற்றி, அரைக்கோளங்களைப் பிரித்து விலக்கி, மின்னூட்டம் இருந்தால் ஒன்றையொன்று தள்ளி விலகும் நெட்டிப் பந்து ஜோடியால் உள் கோளத்தைச் சோதித்தார். பந்துகள் விலகவில்லை.

இதில் தந்திரம் அந்தக் கம்பிதான். உள்வெளியில் புலம் இருந்தால் அது கம்பி வழியாக மின்னூட்டத்தை உள் கோளத்துக்குத் தள்ளியோ அங்கிருந்து இழுத்தோ வைத்திருக்கும். கம்பி போன பிறகு அந்த மின்னூட்டம் உள்ளேயே மாட்டிக்கொள்ளும், நிதானமாகப் பார்க்கலாம். மெல்லிய விசையை அளக்கும் வேலை, மின்னூட்டம் இருக்கிறதா இல்லையா என்று பார்க்கும் வேலையாக மாறிவிட்டது.

பந்து விலகலைன்னா பூஜ்யம்னு அர்த்தமா? ரொம்பக் கொஞ்சம் இருந்து தெரியாமப் போயிருக்கலாம்ல?

இருக்கலாம். காவெண்டிஷுக்கும் அது தெரியும். அதனால் தெரிந்த சிறிய மின்னூட்டத்தைக் கோளத்துக்குக் கொடுத்து, தன் நெட்டிப் பந்துகள் எவ்வளவு சின்னதைக் காட்டும் என்று தனியாகச் சோதித்தார். வெளி ஓட்டில் இருந்ததில் அறுபதில் ஒரு பங்கு உள்ளே வந்திருந்தாலும் கண்ணில் பட்டிருக்கும் என்று முடிவு செய்தார். அதிலிருந்து, அடுக்கு 2ஐவிட ஐம்பதில் ஒரு பங்குக்கு மேல் விலகியிருக்க முடியாது என்றார்.

அறுபதில் இருந்து ஐம்பதுக்கு எப்படி வந்தோம் என்பதைக் கணக்கில் காட்டலாம். அடுக்கை 2 + q என்று எழுதுங்கள். வெளி ஆரம் a, உள் ஆரம் b. q சிறியது என்றால், வெளி ஓட்டின் மின்னழுத்தம் V ஆக இருக்கும்போது ஓட்டுக்கும் உள் கோளத்துக்கும் உள்ள வேறுபாடு:

```
ΔV = q × M × V
M  = ½ [ (a/b) ln((a+b)/(a−b)) − ln(4a²/(a²−b²)) ]
```

காவெண்டிஷின் அளவுகளைப் போட்டால் M சுமார் 0.105. இந்த வேறுபாட்டை ஈடுகட்ட உள் கோளம் எடுத்துக்கொள்ளும் மின்னூட்டம், வெளியில் உள்ளதில் q × M × b/(a−b) பங்கு. இடைவெளி குறுகலாக இருப்பதால் b/(a−b) பத்தாக வந்து, 0.105ஐப் பெருக்கி, சுமார் 1.06 q ஆகிவிடுகிறது. அதாவது அவருடைய கருவியில் உள்ளே வரும் பங்கும் அடுக்கின் பிசகும் ஏறத்தாழ ஒரே எண். அறுபதில் ஒன்று என்றால் q சுமார் அறுபத்து நான்கில் ஒன்று. காவெண்டிஷ் கொஞ்சம் தாராளமாக ஐம்பது என்று வைத்துக்கொண்டார்.

நெட்டிப் பந்துல ஐம்பதில் ஒண்ணு. இப்ப எவ்வளவு?

காவெண்டிஷ் இதை வெளியிடவேயில்லை. அவருடைய கையெழுத்துத் தாள்களைப் பதிப்பித்து 1879ல் வெளிக்கொண்டு வந்தவர் மேக்ஸ்வெல். அதோடு மக்காலிஸ்டருடன் சேர்ந்து சோதனையைத் திரும்பவும் செய்ய வைத்தார். அதில் முக்கியமான மாற்றம், வெளி ஓட்டைப் பிரிக்கவில்லை. அதைப் பூமியோடு இணைத்துவிட்டு, சின்ன ஓட்டை வழியாக மின்மானியின் முனையை விட்டு உள் கோளத்தைத் தொட்டார்கள். பிரிக்கும் நேரத்தில் ஆகும் கசிவும், வெளியிலிருந்து வரும் தொந்தரவும் இதனால் போயின. விலகல் 21,600ல் ஒன்றுக்கும் குறைவு என்று கிடைத்தது.

பெரிய தாவல் 1936ல் வந்தது. பிளிம்ப்டனும் லாட்டனும் 5 அடி விட்டத்தில் வெளிக் கோளம், 4 அடியில் உள் கோளம் கட்டினார்கள். வெளிக் கோளத்துக்கு மூவாயிரம் வோல்ட்டுக்கு மேல் கொடுத்தார்கள். உள்ளே ஒரு மைக்ரோவோல்ட் வந்தாலும் காட்டும் கருவி. கணக்கு நீங்களே போடலாம்: a = 2.5, b = 2 என்றால் M = 0.169.

```
q < 0.000001 / (3000 × 0.169) ≈ 2 × 10⁻⁹
```

ஐம்பது கோடியில் ஒரு பங்கு. 1971ல் வில்லியம்ஸ், ஃபாலர், ஹில் மூவரும் ஒன்றுக்குள் ஒன்றாக ஐந்து இருபதுமுகக் கூடுகள் வைத்து, 10 கிலோவோல்ட், 4 மெகாஹெர்ட்ஸில் செய்து q = (2.7 ± 3.1) × 10⁻¹⁶ என்றார்கள். பிழை எல்லை விடையைவிடப் பெரியது, அதாவது பூஜ்யத்தோடு ஒத்துப்போகிறது.

மைக்ரோவோல்ட் எல்லாம் சும்மாவே வருமே சார். என் மல்டிமீட்டரே மில்லிவோல்ட்டுக்கு ஆடுது.

சரியான சந்தேகம். இரண்டு வேறு உலோகங்கள் தொட்டாலே அவற்றுக்கிடையே ஒரு வோல்ட்டில் பத்தில் சில பங்கு தொடு மின்னழுத்தம் வந்துவிடும். ஒரே உலோகத்திலும் மேற்பரப்பு அழுக்கால் மில்லிவோல்ட் வரும். நாம் தேடுவதைவிட ஆயிரம் மடங்கு, லட்சம் மடங்கு பெரிய பொய். நிலையான மின்னூட்டம் வைத்துச் செய்யும் சோதனை எல்லாம் இந்தச் சுவரில் முட்டித்தான் நின்றது.

பிளிம்ப்டனும் லாட்டனும் மின்னழுத்தத்தை வினாடிக்குச் சுமார் இரண்டு முறை மேலும் கீழுமாக மாற்றினார்கள். தொடு மின்னழுத்தம் மாறாமல் நிற்கும், நாம் தேடுவது மட்டும் அந்தத் தாளத்தில் ஆடும். கால்வனாமீட்டரின் இயல்பான அலைவையும் அதே தாளத்துக்கு வைத்தார்கள், ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தட்டுவதுபோல.

இன்னொரு அழகு, கருவியை வெளியே வைக்கவில்லை. வெளியே கம்பி எடுத்தால் அந்த ஓட்டை வழியாகவே புலம் நுழையும். கால்வனாமீட்டரை உள்ளேயே வைத்து, மேலே ஒரு ஜன்னல் வழியாகப் பார்த்தார்கள். ஜன்னலும் கடத்தியாக இருக்க வேண்டுமே? கண்ணாடி மேல் உப்புநீர் ஊற்றி வைத்தார்கள். ஒளி போகும், நிலைமின் புலம் போகாது. இதைச் சொன்னால் வகுப்பில் தூங்குகிறவனும் எழுந்து உட்காருவான்.

நான் வீட்ல செஞ்சேன். மின்னேத்துன மணியை உள்ளே விட்டா சுவர்ல போய் ஒட்டிக்கிச்சு. விதி தப்பா?

விதி தப்பில்லை. மணியில் மின்னூட்டம் இருந்தால் அது தூக்கின் உட்சுவரில் எதிர் மின்னூட்டத்தைத் தூண்டும். மணி தன்னுடைய பிம்பத்தாலேயே இழுக்கப்படுகிறது. தூக்கில் மின்னூட்டமே ஏற்றாவிட்டாலும் இது நடக்கும், செய்து பாருங்கள். உள்ளே புலம் இல்லை என்றால் சுவரில் ஏற்றிய மின்னூட்டத்தால் உள்ளே புலம் இல்லை என்று பொருள். மணியையே மின்னூட்டி அனுப்பினால் நீங்கள் உள்ளே புதிய மூலத்தை வைத்துவிட்டீர்கள். காவெண்டிஷ் உள்ளே விசையை அளக்கப் போகாமல் கம்பியை நம்பியதில் இந்தத் தொல்லையும் ஒழிந்தது.

ஏற்காடு கேம்ப்ல ஏன் சார் இதை செய்யல?

செய்தேன், கெட்டுப்போனது. டிசம்பர் காலை, ஏரிப் பக்கம் மூடுபனி. தூக்கும் தெர்மாகோலும் நூலும் ஈரத்தில் ஒரு மெல்லிய நீர்ப்படலத்தைப் பூசிக்கொண்டிருந்தன. ஏற்றிய மின்னூட்டம் சில வினாடிகளில் இறங்கிப்போனது. மணியை உள்ளே விட்டேன், அசையவில்லை. பிள்ளைகள் கைதட்டினார்கள். அப்புறம்தான் வெளிப்பக்கம் கொண்டுபோய்ப் பார்த்தேன், அங்கேயும் அசையவில்லை. கைதட்டலை வாபஸ் வாங்கச் சொன்னேன்.

அதிலிருந்து எனக்கு ஒரு முறை: முதலில் வெளியே, பிறகு உள்ளே, கடைசியில் மறுபடியும் வெளியே. கடைசியிலும் வெளியே இழுத்தால்தான் உள்ளே பார்த்த பூஜ்யத்துக்கு மதிப்பு. காவெண்டிஷ் தன் நெட்டிப் பந்துகளைத் தனியாகச் சோதித்ததும் இதற்காகத்தான். சேலத்தில் மார்ச் மாத மதியம் காற்று காய்ந்து கிடக்கும்போது இந்தத் தூக்கு நன்றாக வேலை செய்கிறது.

மலைப் பாதையில இடி விழுந்தா பஸ்ஸுக்குள்ள பாதுகாப்புன்னு சொல்றாங்களே, அதுவும் இதுக்கு சாட்சியா?

இல்லை. இருபது கொண்டை ஊசி வளைவிலும் உலோகக் கூடு உங்களைக் காப்பது உண்மைதான், ஆனால் அது மின்னோட்டத்தை வெளிப்புறமாகத் தரைக்குக் கடத்துவதால். ஜன்னல் வேறு திறந்திருக்கும். அடுக்கு 2.01 ஆக இருந்தாலும் நீங்கள் பிழைத்திருப்பீர்கள். லிஃப்டில் சிக்னல் கிடைக்காததும் அப்படித்தான்.

ஏன் எல்லாரும் உருண்டை? தூக்கு உருளைதானே?

அடுக்கு சரியாக 2 என்றால் எந்த வடிவக் கூட்டிலும் உள்வெளி பூஜ்யம், மூடியிருந்தால் போதும். அதனால் பூஜ்யத்தைக் காட்ட உருண்டை தேவையில்லை. பிசகு இருந்தால் எவ்வளவு தெரியும் என்று கணக்கிடத்தான் உருண்டை. அதில்தான் மின்னூட்டம் சீராகப் பரவும் என்று முன்கூட்டியே தெரியும், மேலே கொடுத்த M வாய்ப்பாடும் செல்லும். தூக்கில் நாம் எல்லை எதையும் கணக்கிடப் போவதில்லை. வாய் திறந்திருப்பதால் விளிம்புப் பக்கம் மணி லேசாக இழுபடும், அதைப் பிசகு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

அப்ப 5 அடிக்குப் பதிலா 5 செ.மீ.ல செஞ்சாலும் அதே விடைதானா?

M வாய்ப்பாட்டைப் பாருங்கள். அதில் a/b என்ற விகிதம்தான் இருக்கிறது, அளவு இல்லை. அடுக்கு மட்டும் பிசகியது என்று வைத்தால் 5 செ.மீ. கோளமும் கொள்கையளவில் அதே ΔV தரும். செய்ய வசதி வேறு விஷயம்.

ஆனால் விதி வேறு விதமாகவும் பிசகலாம். ஒளித்துகளுக்கு, அதாவது ஃபோட்டானுக்கு, மிகச் சின்ன நிறை இருந்தால் அருகில் எல்லாம் அடுக்கு 2 போலவே இருந்து, ஒரு குறிப்பிட்ட தூரத்துக்கு அப்பால் விசை வேகமாக மங்கும். அந்தத் தூரத்தை L என்று வைத்தால், உள்ளே வரும் வேறுபாடு V × (a² − b²) / 6L². இங்கே கருவி பத்து மடங்கு பெரிதானால் அறிகுறி நூறு மடங்கு வளரும். 1971 சோதனையின் பூஜ்யத்தை இப்படிப் படித்தால் ஃபோட்டானின் நிறை 1.6 × 10⁻⁴⁷ கிராமுக்குக் கீழே, L சுமார் 20,000 கி.மீ.க்கு மேலே. ஒரு அறைக்குள் அடங்கும் கூட்டை வைத்துப் பூமியின் விட்டத்தைவிட நீண்ட தூரத்தைப் பற்றிப் பேச முடிகிறது.

இதே மாதிரி ஈர்ப்பு விசைக்கும் செய்யலாமா?

கூம்புக் கணக்கு அப்படியே செல்லும். பிரீஸ்ட்லி கடன் வாங்கியதே அங்கிருந்துதானே. ஆனால் நிறையை ஓட்டின் மேல் தானாகச் சீராகப் பரவவிட முடியாது, கடைந்து சீராக்க வேண்டும். வெளியில் இருக்கும் சேர்வராயன் மலையின் இழுப்பை எந்தக் கூடும் மறைக்காது, ஏனென்றால் அதை ரத்து செய்ய எதிர் நிறை கிடையாது. மேக்ஸ்வெல் செய்ததுபோல ஓட்டைப் பூமியோடு இணைத்துத் தொந்தரவை வெளியேற்றும் வழியும் இல்லை. அதற்கு வேறு கருவி, வேறு பாடு.